குட், வெல், ஹார்ட், ஹார்ட்லி: பினாங்கு மாணவர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகள்

‘ஷி சிங்ஸ் குட்’ என்று என் மகன் எழுதியதை ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். ‘நல்லா பாடுறா’ என்றுதானே நாம் சொல்கிறோம், இதில் என்ன தவறு?

தவறின் வேர் அந்த ‘நல்லா’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. பேச்சுத் தமிழில் ‘நல்லா’ எல்லா இடத்துக்கும் போய்வரும். ‘மீ கோரிங் நல்லா இருக்கு’ என்றும் சொல்கிறோம், ‘பொண்ணு நல்லா பாடுறா’ என்றும் சொல்கிறோம். எழுத்துத் தமிழுக்கு வந்தால் சொல் இரண்டாகப் பிரிகிறது. ‘நல்ல பாட்டு’ என்னும்போது பாட்டு என்ற பெயரை விளக்குகிறோம். ‘நன்றாகப் பாடுகிறாள்’ என்னும்போது பாடுதல் என்ற செயலை விளக்குகிறோம். ஆங்கிலத்தில் ‘குட்’ முதல் வகையைச் சேர்ந்த பெயரடை, ‘வெல்’ இரண்டாம் வகையைச் சேர்ந்த வினையடை. எனவே ‘எ குட் சிங்கர்’ சரி, ‘ஷி சிங்ஸ் வெல்’ சரி, ‘ஷி சிங்ஸ் குட்’ என்பது எழுத்தில் பிழை.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு மொழியும் இதில் குறுக்கே நிற்கிறது. வீட்டில் தமிழ், வெளியில் மலாய் என்று வளரும் பிள்ளைக்கு ‘பாகுஸ்’ என்ற சொல் பாட்டுக்கும் பொருந்தும், பேச்சு வழக்கில் பாடிய விதத்துக்கும் பொருந்தும். சொல்லின் உருவம் மாறுவதில்லை. தெரிந்த இரண்டு மொழிகளிலும் ஒரே சொல்லை வைத்துப் பழகியவன் மூன்றாவது மொழியில் மட்டும் இரண்டைத் தேடுவான் என்று எதிர்பார்ப்பது கடினம்தான். உங்கள் மகனைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

அப்படியானால் தமிழில் ‘நன்றாக’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘வெல்’ போட்டுவிடலாமா?

கூடாது. டியூஷன் வகுப்பில் குட், வெல் இரண்டையும் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அடுத்த வாரமே விழுகிற குழி இதுதான்.

ஆயர் ஈத்தாம் பக்கம் லக்சா சாப்பிட்டுவிட்டு வந்த மாணவன் ஒருவன் எழுதியதைப் பாருங்கள்: ‘த லக்சா டேஸ்டட் வெரி வெல்.’ அவன் மனத்தில் ஓடியது ‘லக்சா ரொம்ப நன்றாக இருந்தது’ என்ற தமிழ் வாக்கியம். ‘நன்றாக’ என்றால் ‘வெல்’ என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவன் அதை அப்படியே பின்பற்றினான். ஆனால் சரியான வாக்கியம் ‘த லக்சா டேஸ்டட் வெரி குட்’ என்பதே.

காரணம் தமிழின் ‘ஆக’ என்ற ஒட்டில் இருக்கிறது. அது ‘ஆதல்’ என்ற வினையிலிருந்து வந்தது, தமிழில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ‘அழகாகப் பாடுகிறாள்’ என்பதில் ‘ஆக’ பாடிய விதத்தைச் சொல்கிறது. ‘அழகாக இருக்கிறாள்’ என்பதில் அது எந்தச் செயலின் விதத்தையும் சொல்லவில்லை. அவளுடைய அழகை அவள்மீதே ஏற்றுகிறது. நமக்கு இரண்டும் ஒரே உருவம் என்பதால் வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை. ஆங்கிலம் இந்த இடத்தில் கறாராக இருக்கிறது. செயலின் விதம் என்றால் வினையடை, எழுவாயின் தன்மை என்றால் பெயரடை. அதனால் ‘ஷி சிங்ஸ் பியூட்டிஃபுலி’ என்றும், ‘ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல்’ என்றும் எழுத வேண்டியிருக்கிறது.

தமிழிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வாக்கியத்தின் வினையை எடுத்துவிட்டு அங்கே ‘இருக்கிறது’ அல்லது ‘இருக்கிறாள்’ என்று வையுங்கள். ‘லக்சா சுவைக்கு நன்றாகப் பட்டது’ என்பதை ‘லக்சா நன்றாக இருந்தது’ என்று மாற்றினால் செய்தி அப்படியே நிற்கிறது. ஆகவே பெயரடை, ‘குட்’. ‘அவள் நன்றாகப் பாடுகிறாள்’ என்பதை ‘அவள் நன்றாக இருக்கிறாள்’ என்று மாற்றினால் பாட்டு காணாமல் போய் நலம் விசாரித்ததுபோல் ஆகிவிடுகிறது. ஆகவே வினையடை, ‘வெல்’. ஆங்கிலத்திலும் இதே சோதனை ‘இஸ்’ என்ற சொல்லை வைத்து நடக்கும். ‘டேஸ்ட்ஸ்’ என்பதை ‘இஸ்’ ஆக்கிப் பார்த்து வாக்கியம் தாங்குகிறதா என்று கவனித்தால் போதும்.

இப்படிப் பெயரடை எடுக்கும் வினைகள் எவை? மனப்பாடம் செய்ய ஒரு பட்டியல் கிடைக்குமா?

பட்டியல் சிறியதுதான், ஆனால் அதை மூன்று குடும்பங்களாக நினைவில் வைப்பது நல்லது. முதல் குடும்பம் ‘இருத்தல்’ என்ற பொருளைச் சுற்றியது: ‘பி’ என்பதன் எல்லா உருவங்களும், ‘சீம்’, ‘அப்பியர்’, ‘ரிமெய்ன்’, ‘ஸ்டே’. இரண்டாவது புலன் சார்ந்தது: ‘லுக்’, ‘சவுண்ட்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’, ‘ஃபீல்’. மூன்றாவது ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவது: ‘பிகம்’, ‘கெட்’, ‘க்ரோ’, ‘டர்ன்’, ‘கோ’. பால் கெட்டுப்போனால் ‘த மில்க் வென்ட் பேட்’ என்பார்கள். பால் எங்கும் நடந்து போகவில்லை, அதன் நிலைதான் மாறியது.

இவற்றை இணைப்பு வினைகள் என்கிறோம். எழுவாயையும் அதன் தன்மையையும் ஒரு பாலம் போல இணைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதே இவற்றின் வேலை. நம் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது புலன் குடும்பத்தில். ‘யுவர் ஐடியா சவுண்ட்ஸ் நைஸ்லி’ என்று எழுதுவார்கள்; ‘நைஸ்’ என்று வர வேண்டும். ‘த துணி ஃபீல்ஸ் ஸாஃப்ட்லி’ என்று ஒரு மாணவி எழுதிக் கொடுத்தாள். ‘துணி’ எப்படி அங்கே வந்தது என்று கேட்டதற்கு, ‘க்ளாத்’ என்ற சொல் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை டீச்சர் என்றாள். அவளிடமும் முதலில் திருத்த வேண்டியது ‘ஸாஃப்ட்லி’யைத்தான்; தடவிப் பார்க்க மென்மையாக இருப்பது துணியின் தன்மை, ஆகவே ‘ஸாஃப்ட்’.

ஆனால் ‘லுக்ட் ஆங்ரிலி’ என்று கதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேனே, அதுவும் தவறா?

அது தவறில்லை. பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது என்பதற்கு இதுவே சான்று. ‘சீம்’ எப்போதும் இணைப்பு வினைதான். ஆனால் ‘லுக்’, ‘ஃபீல்’, ‘டேஸ்ட்’, ‘ஸ்மெல்’ போன்றவற்றுக்கு இரட்டை வாழ்க்கை உண்டு. சில வாக்கியங்களில் அவை இணைப்பாக நிற்கும், சில வாக்கியங்களில் முழுச் செயலாக நடக்கும்.

‘த மாஸ்டர் லுக்ட் ஆங்ரி’ என்றால் ஆசிரியர் கோபமாகத் தெரிந்தார், அதாவது அவர் முகத்தில் கோபம் இருந்தது. ‘த மாஸ்டர் லுக்ட் ஆங்ரிலி அட் த கிளாக்’ என்றால் அவர் கடிகாரத்தைக் கோபத்தோடு பார்த்தார். முதல் வாக்கியத்தில் ஆசிரியர் எதையும் பார்க்க வேண்டியதில்லை, நாம்தான் அவரைப் பார்க்கிறோம். இரண்டாம் வாக்கியத்தில் பார்ப்பவர் அவரே. தமிழில் ‘தெரிந்தார்’, ‘பார்த்தார்’ என்று இரண்டு வினைகள் இருப்பதால் நமக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. ‘லுக்’ என்பதை ‘தெரி’ என்று மொழிபெயர்க்க முடிந்தால் பெயரடை, ‘பார்’ என்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தால் வினையடை. ‘ஸ்மெல்’ என்பதற்கும் இதே வசதி உண்டு: பூ மணக்கிறது, ஆள் முகர்கிறான். ‘ஃபீல்’ என்பதிலும் அப்படித்தான். ஒன்று உணர்வது, மற்றொன்று தொட்டுத் தடவிப் பார்ப்பது. ‘டாக்டர் ஃபெல்ட் மை ரிஸ்ட் ஜென்ட்லி’ என்றால் மருத்துவர் என் மணிக்கட்டை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். அங்கே ‘ஜென்டில்’ என்று எழுதினால் பிழை.

அடையாளம் ஒன்று சொல்கிறேன். வினைக்குப் பின்னால் செயப்படுபொருளோ, ‘அட்’ போன்ற ஒரு முன்னிடைச் சொல்லோடு பார்க்கப்படும் பொருளோ வந்தால், பெரும்பாலும் அது முழுச் செயல். இது எல்லா இடத்திலும் கைகொடுக்காது. உறுதிப்படுத்திக்கொள்ள மேலே சொன்ன ‘இஸ்’ சோதனைக்கே திரும்ப வேண்டும். ‘த மாஸ்டர் வாஸ் ஆங்ரிலி அட் த கிளாக்’ என்று சொல்லிப் பாருங்கள், வாக்கியம் உடைந்துவிடும்.

இதிலிருந்து இணைப்பு வினைக்குப் பக்கத்தில் வினையடையே வரக்கூடாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ‘ஷி ஆல்வேஸ் லுக்ஸ் டயர்ட்’ என்பதில் ‘ஆல்வேஸ்’ வினையடைதான். அது எப்போது என்ற காலத்தைச் சொல்கிறது, எழுவாயின் தன்மையைச் சொல்லும் இடத்தில் ‘டயர்ட்’ என்ற பெயரடையே நிற்கிறது.

‘லி’ என்று முடிந்தால் வினையடை என்று சொல்லிக்கொடுத்தார்கள். ‘ஷி சீம்ஸ் ஃப்ரெண்ட்லி’ எப்படிச் சரியாகும்?

‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’, ‘லோன்லி’, ‘சில்லி’ ஆகியவை ‘லி’ என்று ஒலித்தாலும் பெயரடைகளே. ‘ஃப்ரெண்ட்’ போன்ற பெயர்ச்சொல்லோடு ‘லி’ சேர்ந்தால் பெரும்பாலும் பெயரடை பிறக்கும். ‘ஸ்லோ’ போன்ற பெயரடையோடு ‘லி’ சேர்ந்தால் பெரும்பாலும் வினையடை பிறக்கும்.

உடம்பு சரியில்லாமல் இருந்து தேறியபின் ‘ஐ ஃபீல் குட்’ என்பதா, ‘ஐ ஃபீல் வெல்’ என்பதா? இணைப்பு வினைக்குப் பின் ‘வெல்’ வரக்கூடாது என்றீர்களே.

இரண்டும் சரி, பொருள்தான் வேறு. ‘வெல்’ என்பதற்குள் இரண்டு சொற்கள் குடியிருக்கின்றன. ஒன்று ‘நன்றாக’ என்ற வினையடை. மற்றொன்று ‘நோயற்ற’, ‘உடல்நலத்தோடு கூடிய’ என்ற பொருளுடைய பெயரடை. ‘ஐ ஃபீல் வெல்’ என்பதில் வருவது இரண்டாவது. அது பெயரடை என்பதால் விதி மீறப்படவே இல்லை. நோயாளிக்கு அனுப்பும் அட்டையில் ‘கெட் வெல் சூன்’ என்று அச்சிட்டிருப்பார்கள். ‘கெட்’ என்பது மாற்றக் குடும்பத்தைச் சேர்ந்த இணைப்பு வினை, ‘வெல்’ அதன்பின் வந்த பெயரடை.

காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்ல ‘ஐ ஃபீல் வெல்’ என்பது துல்லியமானது. தேர்வு முடிவு வந்து மனம் குளிர்ந்திருக்கிறது என்றால் ‘ஐ ஃபீல் குட்’. ‘லுக்’ என்பதோடு இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். திருமண வீட்டுக்குப் பட்டுச் சேலையில் வந்த அத்தையைப் பார்த்து ‘யு லுக் குட்’ என்றால் அழகாக இருக்கிறீர்கள் என்று பொருள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அத்தையைப் பார்த்து ‘யு லுக் வெல்’ என்றால் உடம்பு தேறித் தெளிவாக இருக்கிறீர்கள் என்று பொருள். இடத்தை மாற்றிச் சொன்னால் இலக்கணம் தப்பாது, ஆனால் அத்தை தனக்கு ஏதோ நோய் இருந்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள் என்று எண்ணக்கூடும்.

நலம் விசாரிப்புக்கு ‘ஐ ஆம் வெல்’ என்று மட்டுமே பதில் சொல்ல வேண்டும் என்று பழைய ஆசிரியர்கள் வற்புறுத்துவார்கள். இன்றைக்கு ‘ஐ ஆம் குட்’ என்பதும் பேச்சில் முழுமையாக வேரூன்றிவிட்டது. அதைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை என்பது என் கருத்து.

தவறு செய்துவிட்டு வருந்தும்போது ‘ஐ ஃபீல் பேட்லி’ என்று எழுதலாமா?

தேர்வில் ‘ஐ ஃபீல் பேட்’ என்றே எழுதுங்கள். ‘குட்’ வரக்கூடிய இடத்தில் ‘பேட்’ வரும் என்பதே நேர்கோட்டு விதி. ‘ஃபீல் பேட்லி’ என்று சொல்லும் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இருக்கிறார்கள். அகராதிகள் அந்த வழக்கையும் பதிவு செய்கின்றன. ஆனால் கண்டிப்பான வாசகர் அதை ‘தொட்டு உணரும் திறன் குன்றியிருக்கிறது’ என்று வேடிக்கையாகப் படிப்பார்.

வேலை விண்ணப்பத்தில் ‘ஐ வில் வொர்க் ஹார்ட்லி’ என்று எழுதினேன். படித்த நண்பர் ஏன் சிரித்தார்?

‘நான் கடுமையாக உழைப்பேன்’ என்று நீங்கள் எழுத நினைத்தீர்கள். அந்த வாக்கியத்தைப் படிக்கும் ஆங்கில வாசகருக்கோ ‘வேலை செய்வேன் என்று பெரிதாகச் சொல்வதற்கில்லை’ என்பதுபோல் ஒலிக்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் ஆள்சேர்ப்புப் பிரிவில் இருந்த என் பழைய மாணவர், இந்த வாக்கியம் தம் மேசைக்கு அடிக்கடி வருவதாகச் சொல்வார். ஆகையால் நீங்கள் தனியாக இல்லை. எழுத வேண்டியது ‘ஐ வில் வொர்க் ஹார்ட்’.

நீங்கள் போட்ட கணக்கு இயல்பானதுதான். ‘ஸ்லோ’ என்றால் ‘ஸ்லோலி’, ‘க்விக்’ என்றால் ‘க்விக்லி’, ஆகவே ‘ஹார்ட்’ என்றால் ‘ஹார்ட்லி’. ஆனால் ‘ஹார்ட்’ மாறாமலேயே பெயரடையாகவும் வினையடையாகவும் நிற்கும் சொல். ‘எ ஹார்ட் எக்ஸாம்’ என்பதில் பெயரடை. ‘ஷி ஸ்டடீஸ் ஹார்ட்’ என்பதில் வினையடை. பழைய ஆங்கிலத்தில் இந்த வினையடைக்குக் கடைசியில் ஓர் உயிரெழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. காலப்போக்கில் அந்த எழுத்து தேய்ந்து மறைந்ததும் இரண்டு சொற்களும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. ‘ஃபாஸ்ட்’ என்ற சொல்லின் கதையும் இதுதான். அதனால்தான் ‘ஃபாஸ்ட்லி’ என்று ஒருவரும் எழுதுவதில்லை.

அப்படியானால் ‘ஹார்ட்லி’ எங்கிருந்து இந்த விசித்திரப் பொருளைப் பெற்றது? முதலில் அதற்கும் ‘வலுவாக’, ‘கடுமையாக’ என்ற பொருளே இருந்தது. பின்னர் ‘சிரமத்தோடு’ என்றாயிற்று. சிரமப்பட்டுத்தான் நடக்கும் ஒன்று ஏறத்தாழ நடக்காத ஒன்றே என்ற வழியில் நகர்ந்து, ‘கிட்டத்தட்ட இல்லை’ என்ற இன்றைய பொருளில் வந்து நின்றது. தமிழருக்கு இந்தப் பயணம் புதிதில்லை. பழந்தமிழில் ‘எளிது’ என்பதற்கு எதிர்ச்சொல் ‘அரிது’. செய்வதற்குக் கடினமானது என்று பொருள். இன்று ‘அவர் அரிதாகவே வருவார்’ என்கிறோம். வருவதில் அவருக்குச் சிரமம் என்று யாரும் நினைப்பதில்லை, வருவதே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு என்றுதான் புரிந்துகொள்கிறோம். கடினம் என்ற பொருளிலிருந்து குறைவு என்ற பொருளுக்கு நம் சொல்லும் அவர்கள் சொல்லும் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. ‘ஹார்ட்லி’ என்று கண்டால் ‘அரிதாக’ என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், குழப்பம் பாதி குறையும்.

மீதிப் பாதியை இடம் தீர்த்துவைக்கும். ‘ஹார்ட்’ வினைக்குப் பின்னால் வரும். ‘ஹார்ட்லி’ பெரும்பாலும் முதன்மை வினைக்கு முன்னால் வரும். ‘இட் ரெய்ன்ட் ஹார்ட் லாஸ்ட் நைட்’ என்றால் நேற்றிரவு மழை கொட்டித் தீர்த்தது. வாசலில் தண்ணீர் நின்றிருக்கும். ‘இட் ஹார்ட்லி ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்றால் நேற்றிரவு மழை பெய்ததாகவே சொல்ல முடியாது. கொடியில் காயப்போட்ட துணிகூட நனைந்திருக்காது. ஒரே சொல்வேர், ஒரே மழை, ஆனால் செய்தி நேர் எதிர். துணை வினை இருந்தால் ‘ஹார்ட்லி’ அதற்கும் முதன்மை வினைக்கும் இடையில் உட்காரும்: ‘ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யு’, நீங்கள் பேசுவது காதில் விழவே இல்லை என்று சொல்லலாம்.

‘அவன் அவ்வளவாகப் பேசுவதில்லை’ என்பதை ‘ஹி டஸ் நாட் ஹார்ட்லி ஸ்பீக்’ என்று எழுதலாமா?

‘நாட்’ என்பதை எடுத்துவிடுங்கள்: ‘ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ்.’ தமிழில் ‘அவ்வளவாக’ என்பதற்கு ‘இல்லை’ என்ற துணை தேவைப்படுகிறது. எதிர்மறையைச் சுமப்பது அந்த ‘இல்லை’தான். ‘ஹார்ட்லி’ தன் வயிற்றுக்குள்ளேயே எதிர்மறையை வைத்திருக்கிறது. இன்னொரு ‘நாட்’ சேர்ந்தால் எழுத்து வழக்கில் இரட்டை எதிர்மறை என்ற பிழையாகும்.

‘ஹார்ட்லி’ எதிர்மறைச் சொல் என்பதற்கு வாக்கியத்துக்குள்ளேயே சான்று கிடைக்கும். அதன் பக்கத்தில் ‘சம்’ வராமல் ‘எனி’ வருகிறது: ‘தேர் இஸ் ஹார்ட்லி எனி ரைஸ் லெஃப்ட்’, சோறு கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. வாக்கியக் கடைசியில் ‘இல்லையா’ என்பதுபோல் ஒரு வினா ஒட்டினால், எதிர்மறை வாக்கியத்துக்கு ஒட்டுவதுபோல் ‘டஸ் ஹி?’ என்றே ஒட்ட வேண்டும், ‘டஸண்ட் ஹி?’ என்று ஒட்டுவதில்லை. ‘ஹார்ட்லி எவர்’ என்பது ‘கிட்டத்தட்ட ஒருபோதும் இல்லை’ என்று பொருள் தரும். அதைக் கேட்டு ‘எவர்’ என்றால் எப்போதும் என்று எண்ணிக்கொண்டு, தன் அண்ணன் எப்போதும் கோயிலுக்குப் போவான் என்று புரிந்துகொண்ட பையனும் என் வகுப்பில் உண்டு.

லேட், லேட்லி, நியர், நியர்லி, ஹை, ஹைலி. இவையும் இதே வகையா?

ஆம். ‘ஹி கேம் லேட்’ தாமதமாக வந்தான், ‘லேட்லி’ அண்மைக்காலமாக. ‘கம் நியர்’ பக்கத்தில் வா, ‘நியர்லி’ ஏறத்தாழ. ‘த கைட் ஃப்ளூ ஹை’ பட்டம் உயரே பறந்தது, ‘ஹைலி’ மிகவும். இவற்றில் பிழை செய்தாலும் பொருள் ஓரளவு ஊகிக்க முடியும். ‘ஹார்ட்லி’ ஒன்றுதான் சொன்னதைத் தலைகீழாக்கிவிடும்.

பந்தாட்ட வீரர்கள் தொலைக்காட்சிப் பேட்டியில் ‘வி ப்ளேய்ட் குட்’ என்கிறார்களே?

சொல்கிறார்கள். முறைசாராப் பேச்சில் ‘குட்’ வினையடையாக உலவுவது உண்மை. எஸ்.பி.எம். தாளிலும் அலுவல் கடிதத்திலும் ‘வி ப்ளேய்ட் வெல்’ என்பதே செல்லும். ‘டூயிங் குட்’ என்பதை மட்டும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; அங்கே ‘குட்’ பெயர்ச்சொல், நன்மை செய்தல் என்று பொருள். கோயில் அன்னதானத்துக்கு உதவுபவர் ‘இஸ் டூயிங் குட்’. தொழில் செழித்து ஓடும் கடைக்காரர் ‘இஸ் டூயிங் வெல்’.

படிவம் நான்கில் படிக்கும் என் மகள் பாட்டியைப் பற்றி எழுதிய பத்தியில் ஆசிரியர் கோடுகள் போட்டிருக்கிறார், காரணம் எழுதவில்லை. பார்த்துச் சொல்ல முடியுமா?

நீங்கள் அனுப்பிய பத்தியில் ஆறு வாக்கியங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகப் போவோம்.

முதல் வாக்கியம்: ‘மை க்ராண்ட்மதர் லுக்ட் வெரி வீக்லி.’ பாட்டி எதையும் பார்க்கவில்லை, பாட்டிதான் சோர்வாகத் தெரிந்தார். ‘லுக்ட்’ என்பதை ‘வாஸ்’ ஆக்கினால் செய்தி நிற்கிறது. ஆகவே ‘வெரி வீக்’.

இரண்டாவது: ‘ஷி டிட் நாட் ஹார்ட்லி ஈட்.’ பாட்டி சாப்பிடவே இல்லை என்று அழுத்திச் சொல்லும் ஆசையில் இரண்டு எதிர்மறைகள் சேர்ந்துவிட்டன. ‘ஷி ஹார்ட்லி ஏட்’ என்றால் போதும். ‘டிட்’ போனதால் ‘ஈட்’ இறந்தகால உருவத்துக்கு மாறுகிறது என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். ‘நாட்’ என்பதை மட்டும் அடித்துவிட்டு ‘ஷி ஹார்ட்லி ஈட்’ என்று விட்டுவிடும் பிள்ளைகள் பலர்.

மூன்றாவது: ‘த நர்ஸ் ஃபெல்ட் ஹர் ஃபோர்ஹெட் ஜென்டில்.’ தாதி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நெற்றி என்ற செயப்படுபொருள் இருக்கிறது, ‘ஃபெல்ட்’ இங்கே முழுச் செயல். ‘ஜென்ட்லி’ என்று வர வேண்டும். முதல் வாக்கியத்தில் தேவையில்லாமல் ஒட்டிய ‘லி’ இங்கே தேவையான இடத்தில் விடுபட்டிருக்கிறது. உங்கள் மகள் விதி தெரியாமல் ஒரே பக்கமாகத் தவறவில்லை, இரண்டு பக்கமும் ஊகித்து எழுதியிருக்கிறாள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

நான்காவது: ‘த ரூம் ஸ்மெல்ட் பேட்லி ஆஃப் மெடிசின்.’ இந்த ஒரு வாக்கியத்தில் ஆசிரியர் போட்ட கோட்டோடு நான் முழுமையாக உடன்படவில்லை. ‘த ரூம் ஸ்மெல்ட் பேட்லி’ என்பதோடு வாக்கியம் நின்றிருந்தால் ‘பேட்லி’ ஐயமில்லாமல் பிழை, ஏனென்றால் அறைக்கு மூக்கில்லை. ஆனால் ‘ஆஃப் மெடிசின்’ என்று எதன் வாடை என்பதையும் சொல்லிவிட்டதால், ‘பேட்லி’ அந்த வாடையின் கடுமையைச் சொல்லும் வினையடையாக நிற்க இடம் இருக்கிறது. ‘ஸ்மெல்ட் ஸ்ட்ராங்லி ஆஃப் மெடிசின்’ என்று நல்ல எழுத்தாளர்களும் எழுதுவார்கள். தேர்வு நோக்கில் ‘ஸ்ட்ராங்லி’ என்று மாற்றிவிடுங்கள், யாரும் கோடு போட முடியாது.

ஐந்தாவது: ‘வி ட்ரைட் ஹார்ட்லி டு மேக் ஹர் ஸ்மைல்.’ பாட்டியைச் சிரிக்கவைக்கக் குடும்பமே பாடுபட்டது என்பது அவள் சொல்ல வந்தது. எழுதியிருப்பதோ யாரும் பெரிதாக முயலவில்லை என்று படிக்க இடம் தருகிறது. ‘வி ட்ரைட் ஹார்ட்’ என்று திருத்த வேண்டும். மதிப்பெண்ணைவிடப் பாட்டிக்காகவே இதைத் திருத்தலாம்.

ஆறாவது: ‘நௌ ஷி இஸ் ஃபீலிங் வெல்.’ இதில் ஆசிரியர் கோடு போடவில்லை, போட வேண்டியதுமில்லை. ஆனால் தாளின் ஓரத்தில் உங்கள் மகள் பென்சிலால் ‘வெல்’ என்பதை அடித்து ‘குட்’ என்று எழுதிப் பார்த்திருக்கிறாள். மேலே ஐந்து கோடுகளைக் கண்ட பயத்தில் சரியானதையும் மாற்றத் தொடங்கியிருக்கிறாள் போலும். பாட்டிக்கு உடம்பு தேறிவிட்டது என்பதுதானே செய்தி; அந்தப் பென்சில் குறிப்பை அழித்துவிடச் சொல்லுங்கள்.